இளையோர் கால்பந்தில் தலையால் முட்டுதலும் முதல் தொடுகையும்

கால்பந்து ஆட்டத்தில் காற்றில் வரும் பந்தை நெற்றியால் அடித்துத் திசை திருப்புவது தலையால் முட்டுதல் எனப்படும். ஆடுகளத்தில் இதை 'ஹெட்' அடிப்பது என்பார்கள். தன்னை நோக்கி வரும் பந்தை ஓர் ஆட்டக்காரர் உடலின் எந்தப் பகுதியாலாவது முதன்முறை தொட்டு, அடுத்த செயலுக்கு ஏற்ற இடத்தில் வைப்பது முதல் தொடுகை ஆகும். இவ்விரண்டையும் தனித்தனித் திறன்களாகக் கற்பிப்பதே வழக்கம். ஆனால் சிறுவர்களுக்குக் கற்பிக்கும்போது இவை ஒன்றையொன்று சார்ந்தவை. தொடையாலும் மார்பாலும் பந்தை அடக்கத் தெரியாத சிறுவன், தேவையற்ற இடத்திலும் தலையைக் கொண்டுபோகிறான். முதல் தொடுகை நன்றாக வந்துவிட்டால், முட்ட வேண்டிய தருணங்கள் தாமாகவே குறைகின்றன.

2015-க்குப் பின் பல நாடுகளின் கால்பந்துச் சங்கங்கள் சிறுவர்களின் முட்டுதல் பயிற்சிக்கு எண்ணிக்கை வரம்பு வகுத்துள்ளன. அந்த வரம்புகள் எவை, அவை ஏன் வந்தன, காரைக்கால் போன்ற கடலோரச் சிற்றூரின் பள்ளி மைதானத்தில் அவற்றை எப்படிக் கடைப்பிடிக்கலாம் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

முட்டும்போது நிகழ்வது

மூளை மண்டையோட்டுக்குள் ஒரு திரவத்தில் மிதந்த நிலையில் உள்ளது. தலை திடீரென அசைந்தாலோ சுழன்றாலோ மூளையும் சற்றுப் பின்தங்கி அசைகிறது. பந்தின் எடையும் வேகமும் கூடும்போது இந்த அசைவும் கூடும். கழுத்துத் தசைகள் இறுகியிருந்தால் தலையும் உடலும் ஒரே பொருளாக நின்று அடியைத் தாங்கும். கழுத்து தளர்ந்திருந்தால் அடி முழுவதையும் தலை மட்டுமே வாங்கும்.

சிறுவர்களுக்கு இதில் கூடுதல் சிக்கல் உண்டு. பெரியவர்களோடு ஒப்பிட்டால், உடல் அளவை நோக்க அவர்களின் தலை பெரியது, கழுத்துத் தசை மெலிந்தது. பந்து எங்கே இறங்கும் என்று கணிக்கும் திறனும் முழுமையாக வளர்ந்திருக்காது. ஆகவே பந்து நெற்றியில் படாமல் உச்சந்தலையிலோ முகத்திலோ படுவது அவர்களிடம் அதிகம்.

முட்டுதலில் இரண்டு வகை ஆபத்துகள் உள்ளன. முதலாவது, ஒரே நிகழ்வில் ஏற்படும் மூளை அதிர்வு. மருத்துவர்கள் இதைக் கன்கஷன் என்பார்கள். முட்டப் போகும்போது ஏற்படும் மூளை அதிர்வுகளில் பெரும்பாலானவை பந்து பட்டதால் வருவதில்லை. இருவர் ஒரே பந்துக்கு எழும்பித் தலையோடு தலையோ, தலையோடு முழங்கையோ மோதிக்கொள்வதால்தான் வருகின்றன. இரண்டாவது, உடனே எந்த அறிகுறியும் காட்டாத சிறு அடிகள் ஆண்டுக்கணக்கில் சேர்வது. எண்ணிக்கை வரம்புகள் இந்த இரண்டாம் வகைக்காக வந்தவை.

வரம்புகள் வந்த வரலாறு

இங்கிலாந்தின் முன்னாள் ஆட்டக்காரர் ஜெஃப் ஆஸ்டில் தலையால் முட்டிக் கோல் போடுவதில் பெயர் பெற்றவர். அவர் 2002-இல் 59 வயதில் மறதி நோயால் இறந்தார். மரண விசாரணை அதிகாரி அவரது சாவைத் தொழில் காரணமாக வந்த நோய் என்று பதிவு செய்தார். இந்தத் தீர்ப்பு ஐயத்தை எழுப்பியதே தவிர, ஒரு மனிதரின் கதையை வைத்து முடிவு சொல்ல இயலாது.

பெரிய அளவிலான சான்று 2019-இல் வந்தது. கிளாஸ்கோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஸ்காட்லாந்தின் முன்னாள் தொழில்முறை ஆட்டக்காரர்கள் 7,676 பேரின் இறப்புப் பதிவுகளை, அதே வயதும் சூழலும் உள்ள பொதுமக்களின் பதிவுகளோடு ஒப்பிட்டனர். நரம்புச் சிதைவு நோய்களால் இறக்கும் வாய்ப்பு ஆட்டக்காரர்களிடம் சுமார் மூன்றரை மடங்கு இருந்தது. இதய நோயால் இறப்பது அவர்களிடம் குறைவாக இருந்தது. அதே குழு 2021-இல் வெளியிட்ட ஆய்வு, ஆடும் இடத்தைப் பொறுத்து ஆபத்து மாறுவதைக் காட்டியது. அதிகம் முட்டும் தடுப்பாட்டக்காரர்களிடம் ஆபத்து மிகுதியாக இருந்தது. முட்டவே தேவையில்லாத கோல்கீப்பர்களிடம் குறிப்பிடத்தக்க உயர்வு காணப்படவில்லை.

இந்த ஆய்வுகள் தொழில்முறையாகப் பல ஆண்டுகள் ஆடிய பெரியவர்களைப் பற்றியவை. பள்ளிச் சிறுவன் வாரம் சில முறை முட்டினால் இதே விளைவு வரும் என்று அவை சொல்லவில்லை. காரணம் முட்டுதல்தான் என்றும் அவை அறுதியிட்டு நிறுவவில்லை. ஆனாலும் தவிர்க்கக்கூடிய அடியைத் தவிர்ப்பதில் ஆட்டத்துக்கு இழப்பு ஏதுமில்லை என்ற அடிப்படையில் சங்கங்கள் முடிவெடுத்தன. சிறுவர் போட்டிகளில் முட்டுதல் அரிதாகவே நிகழ்கிறது. அடிகளின் பெரும்பகுதி பயிற்சியில்தான் சேர்கிறது. எனவே பயிற்சியைக் குறைத்தாலே மொத்த எண்ணிக்கை வெகுவாகக் குறைந்துவிடும்.

வயதுவாரி வரம்புகள்

அமெரிக்கக் கால்பந்துச் சங்கம் 2015-இல் 10 வயதும் அதற்குக் கீழும் உள்ளவர்களுக்கு முட்டுதலைத் தடை செய்தது. 11 முதல் 13 வயது வரை வாரத்தில் அதிகபட்சம் 30 நிமிடப் பயிற்சி, ஒருவருக்கு 15 முதல் 20 முட்டுகள் என்று வரையறுத்தது.

இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வடக்கு அயர்லாந்துச் சங்கங்கள் 2020 பிப்ரவரியில் இதைவிடக் கண்டிப்பான வழிகாட்டலை வெளியிட்டன. இங்கிலாந்தின் பயிற்சி வரம்புகள் பின்வருமாறு:

- 11 வயதுக்கு உட்பட்டோர் வரை: பயிற்சியில் முட்டுதல் இல்லை.
- 12 வயதுக்கு உட்பட்டோர்: மாதம் ஒரு பயிற்சியில் மட்டும், அதிகபட்சம் 5 முட்டுகள்.
- 13 வயதுக்கு உட்பட்டோர்: வாரம் ஒரு பயிற்சியில் மட்டும், அதிகபட்சம் 5 முட்டுகள்.
- 14 முதல் 16 வயதுக்கு உட்பட்டோர்: வாரம் ஒரு பயிற்சியில் மட்டும், அதிகபட்சம் 10 முட்டுகள்.

நம் வகுப்புகளோடு பொருத்தினால், 5-ஆம் வகுப்பு வரை முட்டுதல் பயிற்சியே வேண்டாம். 6-ஆம் வகுப்பில் மாதம் ஐந்து, 7-ஆம் வகுப்பில் வாரம் ஐந்து, 8 முதல் 10 வரை வாரம் பத்து என்று நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

இந்த எண்களின் பொருளை உணர, பல மைதானங்களில் பழக்கமான ஒரு பயிற்சியை எண்ணிப் பார்க்கலாம். மாணவர்கள் இருவர் இருவராக நிற்பார்கள். ஒருவர் எறிய மற்றவர் 20 முறை முட்டுவார். பிறகு கார்னர் கிக் பயிற்சியில் ஆளுக்கு 10. ஒரு மாலைக்கு 30 முட்டுகள். வாரம் மூன்று நாள் என்றால் 90. பன்னிரண்டு வாரத்தில் 1,080. வாரம் ஐந்து என்ற வரம்பில் இதே காலத்துக்கு 60 மட்டுமே. யாரும் கணக்கெடுக்காததால்தான் ஆயிரம் என்ற எண் கண்ணில் படாமல் போகிறது.

பந்தும் மைதானமும்

தமிழ்நாட்டின் டெல்டா மாவட்டங்கள் மூன்று புறமும் சூழ, கிழக்கே வங்கக் கடலைப் பார்த்திருக்கும் காரைக்கால், புதுச்சேரி ஒன்றியப் பகுதியைச் சேர்ந்தது. இங்கே இரண்டு இயற்கை நிலைமைகள் இத்திறன்களை நேரடியாகப் பாதிக்கின்றன.

முதலாவது மழை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழைக் காலம். மேலுறை வெடித்து, தையல் தளர்ந்த பழைய பந்து ஈரத்தில் உருண்டால் தண்ணீரைக் குடித்துக் கனத்துவிடும். 5-ஆம் எண் பந்தின் எடை விதிப்படி ஆட்டத் தொடக்கத்தில் 410 முதல் 450 கிராம் வரை இருக்க வேண்டும். சிறுவர்க்கான 4-ஆம் எண் பந்து சுமார் 350 முதல் 390 கிராம் வரை இருக்கும். ஐயம் வந்தால் மளிகைக்கடைத் தராசில் வைத்துப் பார்க்கலாம். வரம்பைத் தாண்டிய பந்தைக் காலால் ஆடும் பயிற்சிக்கு மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும். மழை நாளில் முட்டுதல் பயிற்சியை அடுத்த வாரத்துக்குத் தள்ளிவிடுவதே எளிய வழி.

பந்தின் காற்றழுத்தமும் முக்கியம். விதி 0.6 முதல் 1.1 வளிமண்டல அழுத்தம் வரை அனுமதிக்கிறது. பம்ப் மானியில் இது சுமார் 8.5 முதல் 15.6 பிஎஸ்ஐ. முட்டுதல் பயிற்சிக்கு விதி அனுமதிக்கும் அழுத்தத்தில் குறைந்ததைப் பயன்படுத்தலாம் என்பது ஐரோப்பியக் கால்பந்துச் சங்கத்தின் அறிவுரை. மானி இல்லையென்றால் இரு கட்டைவிரல்களால் அழுத்திப் பார்க்கலாம். சற்றே அமுங்க வேண்டும். கல்லாக இருக்கக் கூடாது. காலையில் அடித்து வெயிலில் போட்டு வைத்த பந்து மாலையில் இறுகியிருக்கும். ஆகவே பயிற்சிக்கு முன் ஒருமுறை பார்க்க வேண்டும்.

இரண்டாவது தரை. கடற்கரை மணலில் பந்து விழுந்த இடத்திலேயே நின்றுவிடும். களிமண் தரையோ கோடையில் காய்ந்து வெடித்து, பந்தை எதிர்பாராத உயரத்துக்குத் துள்ளவைக்கும். தரையில் உருண்டு வந்த பந்து திடீரென மார்பளவு எழும்பும்போது, கற்காத சிறுவன் குனிந்து தலையைக் கொடுப்பான். அதே பந்துக்கு இன்னொருவன் காலை ஓங்கியிருப்பான். 'இடுப்புக்கும் மார்புக்கும் வரும் பந்துக்குத் தலை குனியக் கூடாது' என்பதை முதல் நாளிலேயே சொல்லிவிட வேண்டும். இத்தகைய பந்தை அடக்கத் தேவைப்படுவது முதல் தொடுகை.

முதல் தொடுகையைக் கற்பித்தல்

முதல் தொடுகையின் அடிப்படை, பந்தின் வேகத்தை உடல் வாங்கிக்கொள்வது. எறியப்பட்ட முட்டையைக் கையில் பிடிப்பவர் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டே பிடிப்பார். காலும் அப்படியே செய்ய வேண்டும்.

தரைப் பந்துக்குப் பாதத்தின் உட்பக்கம் ஏற்றது. ஊன்றிய காலின் முழங்கால் சற்று மடிந்திருக்க வேண்டும். மற்றக் காலைப் பந்தை நோக்கிக் கொஞ்சம் நீட்டி, பந்து தொடும் கணத்தில் பின்னுக்கு இழுக்க வேண்டும். கால் விறைப்பாக இருந்தால் பந்து மூன்றடி தள்ளிப் போய்விடும். காலை அதிகம் தூக்கினால் பந்து அடியில் புகுந்துவிடும். இவ்விரண்டு பிழைகளையும் பார்த்தவுடன் கண்டுபிடிக்கலாம். மூன்றாவது பிழை எளிதில் தெரியாது: பந்து காலடியிலேயே செத்து நிற்பது. அடக்கியதுபோல் தோன்றினாலும், அடுத்த உதைக்கு அவன் பந்தை மறுபடி நகர்த்த வேண்டியிருக்கும். நல்ல முதல் தொடுகை, எதிராளி இல்லாத பக்கமாகப் பந்தை ஓர் அடி தள்ளி வைக்கும். அதற்குப் பந்து வருமுன் தோளுக்கு மேல் ஒருமுறை திரும்பிப் பார்க்கும் பழக்கம் வேண்டும்.

காற்றுப் பந்துக்கு மூன்று இடங்கள் உள்ளன. தாழ்வாக வருவதைப் புறங்காலில் வாங்கிப் பந்தோடு காலையும் இறக்க வேண்டும். இடுப்பளவு வருவதற்குத் தொடையைத் தரைக்கு இணையாக உயர்த்தி, பட்டதும் தளர்த்த வேண்டும். மார்பளவு வருவதற்குக் கைகளை விரித்து, இடுப்பிலிருந்து சற்றுப் பின்சாய்ந்து, பந்து படும்போது மூச்சை விட வேண்டும். துள்ளும் பந்தானால் முதலில் கால் நகர வேண்டும்: ஓரடி முன்னே போய் எழும்புமுன் வாங்குவதா, ஓரடி பின்வாங்கி இறங்கும்போது தொடையில் வாங்குவதா என்பதை மாணவன் முடிவு செய்ய வேண்டும். நின்ற இடத்திலேயே நிற்பவனுக்குத்தான் பந்து முகத்துக்கு வரும்.

முட்டுதலைக் கற்பித்தல்

ஐந்தே முட்டில் எப்படிக் கற்பிப்பது என்ற கேள்வி எழும். முட்டுதலில் கற்க வேண்டியவற்றுள் பெரும்பகுதிக்குப் பந்து தலையில் படவே தேவையில்லை.

முதல் படி கழுத்து. மாணவன் தன் உள்ளங்கையை நெற்றியில் வைத்து, தலை அசையாதபடி கையும் தலையும் ஒன்றையொன்று தள்ள வேண்டும். ஐந்து எண்ணும் வரை போதும். பிறகு பின்தலையிலும் இரு பக்கங்களிலும் அப்படியே. வலி வந்தால் நிறுத்திவிட வேண்டும்.

இரண்டாம் படி நிலை. ஒரு கால் முன்னும் ஒரு கால் பின்னும், முழங்கால் மடிந்து, கைகள் சமநிலைக்காக விரிந்து, மோவாய் கழுத்தோடு ஒட்டி, வாய் மூடியிருக்க வேண்டும். வாய் திறந்திருந்தால் நாக்கு கடிபடும்.

மூன்றாம் படிதான் மிகப் பயனுள்ளது: பந்தை முட்டாமல், நெற்றிக்கு முன் இரு கைகளாலும் பிடிப்பது. ஆசிரியர் உயர எறியும் பந்தின் போக்கைப் பார்த்து, அதன் கீழ் ஓடிவந்து, எழும்பி, முகத்துக்கு முன்னே பிடிக்க வேண்டும். பிடித்த இடம் நெற்றிக்கு நேராக இருந்தால் அவன் கணிப்பு சரி. தலைக்குப் பின்னே பிடித்தால் அதிகம் முன்னே வந்துவிட்டான். வயிற்றருகே பிடித்தால் பிந்திவிட்டான். எத்தனை முறை செய்தாலும் தலைக்கு ஓர் அடியும் இல்லை.

நான்காம் படி பலூன் அல்லது ஸ்பாஞ்சுப் பந்து. கண் மூடாமல், தலைமயிர் தொடங்கும் இடத்துக்குச் சற்றுக் கீழே உள்ள நெற்றிப் பரப்பால் தொடப் பழகுவதற்கு இது போதும்.

கடைசிப் படியில்தான் உண்மையான பந்து. மூன்று நான்கு மீட்டர் தூரத்திலிருந்து, கீழ்க்கையால் மெதுவாக எறிய வேண்டும். தலையை மட்டும் ஆட்டாமல், இடுப்பிலிருந்து உடல் முழுவதும் பந்தைச் சந்திக்க வேண்டும். பந்து வந்து தலையில் விழக் கூடாது. தலை போய்ப் பந்தை அடிக்க வேண்டும். பந்து மேல்நோக்கிப் பறந்தால் அது உச்சந்தலையில் பட்டிருக்கிறது. பட்டபின் முகம் சுளித்தால் கண் மூடியிருக்கிறான், அல்லது மூக்கருகே பட்டிருக்கிறது. இவை தெரிந்தால் பந்தை விட்டு மூன்றாம் படிக்குத் திரும்ப வேண்டும். நீளமான உதையிலிருந்தும் கார்னரிலிருந்தும் வரும் வேகப் பந்துகளை இந்த வயதில் பயிற்சியாக முட்டவைக்கக் கூடாது.

இருவர் ஒரே பந்துக்குப் போவதைத் தனியாகக் கற்பிக்க வேண்டும். 'எனக்கு!' என்று முதலில் குரல் கொடுத்தவருக்குப் பந்து; மற்றவர் விலக வேண்டும். கைகள் விரிந்திருக்கலாம், முழங்கை தோளுக்கு மேல் எழக் கூடாது. இதையும் கைகளால் பிடிக்கும் ஆட்டமாகவே பழக்கலாம்.

ஒரு மாலைப் பயிற்சி

ஏழாம் வகுப்பு மாணவர் 16 பேர், 4-ஆம் எண் பந்துகள் எட்டு, நேரம் ஒரு மணி என்று கொள்வோம்.

முதல் 10 நிமிடம் மெல்லோட்டமும் கழுத்துப் பயிற்சியும். அடுத்த 25 நிமிடம் முதல் தொடுகை. எட்டு இணைகளாக நின்று ஆறு நொடிக்கு ஒரு பந்து பரிமாறினால், இடைவேளை போக 20 நிமிடத்தில் ஓர் இணைக்கு 200 தொடுகைகள், ஆளுக்கு 100. பாதி நேரம் தரைப் பந்து, பாதி நேரம் கையால் எறியும் பந்தைத் தொடையிலும் மார்பிலும் வாங்குதல்.

அடுத்த 10 நிமிடம் முட்டுதல். நெற்றிக்கு முன் பிடித்தல் ஆளுக்கு எட்டு முறை, பலூன் சில முறை, பிறகு உண்மையான பந்தில் ஐந்து. எறிபவர் உரக்க எண்ண வேண்டும். ஐந்தாவதோடு பந்தைத் தரையில் வைத்துவிட வேண்டும். ஐந்தில் மூன்று பிழையானாலும் 'இன்னும் ஒன்று' கிடையாது. கடைசி 15 நிமிடம் நான்குக்கு நான்கு சிற்றாட்டம், பந்து தலைக்கு மேல் போகக் கூடாது என்ற விதியோடு.

வருகைப் பதிவேட்டில் ஒரு கூடுதல் கட்டம் போட்டு, முட்டுதல் நடந்த நாளில் ஆளுக்கு எத்தனை என்று குறித்தால் வாரக் கணக்கு தவறாது. ஊர் மைதானத்தில் பத்து வயதுச் சிறுவனும் பதினெட்டு வயது இளைஞனும் சேர்ந்து ஆடுவது உண்டு. அங்கே சிறியவனின் வயதுக்கு உரிய வரம்பே அவனுக்குப் பொருந்தும். பெரியவர்கள் அடிக்கும் உயரப் பந்தை அவன் விட்டுவிடலாம் என்று எல்லோர் முன்னிலையிலும் சொல்லிவைப்பது நல்லது. இல்லையென்றால் கேலிக்குப் பயந்து முட்டுவான்.

அடிபட்டால்

மூளை அதிர்வுக்கு மயக்கம் கட்டாயமில்லை. பெரும்பாலானவர்கள் மயங்குவதே இல்லை. தலைவலி, தலைசுற்றல், குமட்டல், மங்கிய பார்வை, தள்ளாட்டம், கேட்டதற்குத் தாமதமாகப் பதில் சொல்வது, ஸ்கோரோ எந்தப் பக்கம் ஆடுகிறோம் என்பதோ நினைவில்லாமை, காரணமின்றி அழுகை அல்லது எரிச்சல் ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் மாணவனை வெளியே அழைத்துவிட வேண்டும். ஐயம் இருந்தாலும் அப்படியே. 'சரியாகிவிட்டது சார், இறங்குறேன்' என்று அவன் சொன்னாலும் அன்று மீண்டும் ஆட விடக் கூடாது. முதல் அதிர்வு ஆறுமுன் படும் இரண்டாம் அடி மிக ஆபத்தானது.

அவனைத் தனியே உட்காரவைக்காமல், சைக்கிளில் தனியே அனுப்பாமல், பெற்றோரிடம் நேரில் சொல்லி ஒப்படைக்க வேண்டும். மீண்டும் மீண்டும் வாந்தி, கூடிக்கொண்டே போகும் தலைவலி, எழுப்ப முடியாத தூக்கம், வலிப்பு, கை கால் பலவீனம், கடும் கழுத்துவலி ஆகியவை இருந்தால் காத்திருக்கக் கூடாது. 108-ஐ அழைத்து உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். கழுத்தில் அடி என்ற ஐயம் இருந்தால் உயிராபத்தான இடத்தில் கிடந்தாலன்றி அவனை அசைக்கக் கூடாது.

அறிகுறிகள் முற்றிலும் நீங்கி, மருத்துவர் அனுமதித்த பிறகே திரும்ப வேண்டும். இங்கிலாந்து உள்ளிட்ட பிரித்தானிய நாடுகளின் 2023 வழிகாட்டல், அடிபட்ட நாளிலிருந்து குறைந்தது 21 நாள் கழித்தே போட்டியில் இறங்கலாம் என்கிறது. திரும்பும் வரிசை நடை, மெல்லோட்டம், தனியாகப் பந்தோடு முதல் தொடுகை, குழுப் பயிற்சி என்று படிப்படியாகச் செல்லும். முட்டுதல் அந்த வரிசையில் கடைசியில் வரும்.